முதலாம் சார்லஸ் மன்னர் தலை வெட்டப்பட்ட நாளையும் இடத்தையும் மூல ஆவணங்களிலிருந்து நிறுவுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னர் கொல்லப்பட்ட நாளைத் தேடுபவருக்கு மூன்று விடைகள் கிடைக்கும். நிகழ்வு நடந்த சில நாட்களில் லண்டனில் அச்சான சிறு வெளியீட்டின் முகப்பில் 1648 சனவரி 30 என்றிருக்கும். இன்றைய பாடநூல்கள் 1649 சனவரி 30 என்கின்றன. பாரிசிலிருந்து பார்த்தவர்களின் நாட்காட்டியிலோ அந்த நாள் 1649 பிப்ரவரி 9. இடத்தைத் தேடினாலும் இதே நிலைதான்: ‘ஒயிட்ஹால் வாசல்’ என்று ஒன்றும், ‘ஒயிட்ஹாலுக்கு முன்னுள்ள திறந்த தெரு’ என்று மற்றொன்றும், ‘விருந்து மண்டபத்தின் சாளரத்துக்கு வெளியே’ என்று இன்னொன்றும் சொல்லும். இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றைப் பிழையென்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது தவறு. நாள் பற்றிய மூன்று விடைகளும் ஒரே நாளைக் குறிக்கின்றன, இடம் பற்றிய மூன்று விடைகளும் ஒரே இடத்தைக் குறிக்கின்றன. இதை ஆவணங்களின் துணையோடு எவ்வாறு நிறுவுவது, எங்கே உறுதி குறைகிறது என்பதை இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது.

முதற்படி: ஒரு கேள்வியை நான்காகப் பிரித்தல்

‘மன்னர் எப்போது, எங்கே கொல்லப்பட்டார்’ என்ற கேள்விக்குள் நான்கு வெவ்வேறு செய்திகள் கலந்து கிடக்கின்றன. தண்டனை என்று விதிக்கப்பட்டது, அதை எந்த நாளில் எந்த இடத்தில் நிறைவேற்ற வேண்டும் என்பது எப்போது முடிவானது, அதற்கான ஆணை என்று எழுதப்பட்டது, உண்மையில் என்று எங்கே நிறைவேறியது என்பனவே அவை. புகழ்பெற்ற மரண தண்டனைகளின் நாள் பற்றிய பிழைகளுள் பல இந்த நான்கையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை. தீர்ப்பின் நாளைச் சாவின் நாளாக ஒருவர் எழுதிவிடுவார். ஆணையின் தலைப்பில் உள்ள நாளை வேறொருவர் எடுத்துக்கொள்வார்.

ஆகவே ஒரு தாளில் கோடிட்டு, கையிலுள்ள ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஐந்து குறிப்புகளை எழுதிக்கொள்ளுங்கள்: அதை எழுதியவர் யார், எழுதப்பட்ட நாள் எது, எந்த நாட்காட்டியைப் பின்பற்றுகிறது, எழுதியவர் நிகழ்வின்போது எங்கே இருந்தார், வினைச்சொல் எந்தக் காலத்தில் இருக்கிறது. கடைசிக் குறிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நான் அதையே முதலில் பார்ப்பேன். ‘கொல்லப்பட வேண்டும்’ என்பது நிகழ்வுக்குச் சான்று ஆகாது. ‘கொல்லப்பட்டார், நான் கண்டேன்’ என்பது மட்டுமே சான்று.

இரண்டாம் படி: தீர்ப்பை வாசித்தல், அதில் இல்லாததைக் கவனித்தல்

மன்னரை விசாரிப்பதற்கென்றே அமைக்கப்பட்ட உயர் நீதிமன்றம் ஜான் பிராட்ஷாவின் தலைமையில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் சனவரி 20ஆம் நாள் விசாரணையைத் தொடங்கி, 27ஆம் நாள் தண்டனை விதித்தது. சார்லஸ் கொடுங்கோலர், துரோகி, கொலைகாரர், நாட்டின் நல்ல மக்களுக்குப் பகைவர் என்றும், உடலிலிருந்து தலையை வெட்டி அவரைக் கொல்ல வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு கூறுகிறது. முறையைத் தெளிவாகச் சொல்லும் அந்த வாசகத்தில் நாளும் இல்லை, இடமும் இல்லை.

இந்த இல்லாமையைக் குறித்து வைப்பது அவசியம். ஏனென்றால், நாளும் இடமும் வேறொரு முடிவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதை அதுவே நமக்குச் சொல்கிறது. அடுத்துத் தேட வேண்டியது நீதிமன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பேடு.

அக்குறிப்பேட்டின்படி, தண்டனையை நிறைவேற்றும் நேரத்தையும் இடத்தையும் ஆராய அன்றைக்கே ஒரு சிறு குழு அமைக்கப்பட்டது. வாலர், ஹாரிசன், அயர்ட்டன், டீன், ஓக்கி ஆகிய ஐந்து படை அதிகாரிகள் அதில் இருந்தார்கள். 29ஆம் நாள் இக்குழு, ஒயிட்ஹாலுக்கு முன்னுள்ள திறந்த தெரு தகுந்த இடம் என்றும், மறுநாளே தண்டனையை நிறைவேற்றுவது பொருத்தம் என்றும் அறிக்கை தந்தது. நீதிமன்றம் அதை ஏற்று ஆணையை எழுதச் சொன்னது. இப்போது நம் தாளில் இரண்டு நாட்கள் இருக்கின்றன. மூன்றாவது நாள் ஒன்று முன்னறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் நிகழ்வு நடந்ததற்கான சான்று இன்னும் ஒன்றுகூட இல்லை.

மூன்றாம் படி: மரண ஆணையின் வாசகத்தையும் தோலையும் சேர்த்துப் பார்த்தல்

59 பேரின் கையொப்பங்களும் முத்திரைகளும் கொண்ட மரண ஆணை இன்றும் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் ஆவணத் தொகுப்பில் இருக்கிறது. அதன் தலைப்பில் உள்ள நாள் 1648 சனவரி 29. கர்னல் ஹேக்கர், கர்னல் ஹங்க்ஸ், லெப்டினன்ட் கர்னல் ஃபேர் ஆகிய மூவரை விளித்து, சென்ற சனிக்கிழமை தண்டனை விதிக்கப்பட்டதாகவும், அது இன்னும் நிறைவேறவில்லை என்றும் கூறிவிட்டு, ‘இம்மாதம் முப்பதாம் நாளாகிய நாளைய தினம், காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையில், ஒயிட்ஹாலுக்கு முன்னுள்ள திறந்த தெருவில்’ தண்டனையை நிறைவேற்றச் சொல்கிறது.

இவ்வளவு தெளிவான வாசகம் கிடைத்தவுடன் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஆணை எழுதப்பட்ட தோலை உற்றுப் பார்த்தவர்கள், சில இடங்களில் முன்பு எழுதியிருந்ததைச் சுரண்டி அழித்துவிட்டு மேலே எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். நாளைச் சொல்லும் பகுதியும் அதிகாரிகளின் பெயர்ப் பகுதியும் அவற்றுள் அடங்கும். தீர்ப்புக்கு முன்பே ஆணையை எழுதத் தொடங்கி, கையொப்பங்களையும் வாங்கத் தொடங்கி, பின்னர் நாளைத் திருத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் பலர் இதற்கு விளக்கம் தருகிறார்கள்.

இந்தத் திருத்தம் நம் கேள்வியை எவ்வளவு பாதிக்கிறது என்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். கையொப்பமிட்ட ஒவ்வொருவரும் 29ஆம் நாள்தான் கையொப்பமிட்டார் என்று இனி இந்த ஆணையை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்த நாளில் தண்டனையை நிறைவேற்றக் கடைசியாக முடிவு செய்தார்கள் என்பதற்கு அது நல்ல சான்றாகவே நிற்கிறது. ஏனெனில் திருத்தப்பட்ட வாசகமும் நடவடிக்கைக் குறிப்பேடும் ஒன்றுபடுகின்றன. அழித்து எழுதிய ஆவணம் என்பதால் முழுவதையும் ஐயுறுவதும் பிழை, அழித்து எழுதியதைக் காணாததுபோல் கடப்பதும் பிழை. எந்தக் கூற்றுக்கு அது வலுவிழக்கிறது, எந்தக் கூற்றுக்கு வலுவோடு இருக்கிறது என்பதைத் தனித்தனியே எழுத வேண்டும்.

நான்காம் படி: ஆண்டையும் நாட்காட்டியையும் சரிசெய்தல்

இந்த வேலையில் மிகுதியான இடறல் நேர்வது இங்கேதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அக்கால இங்கிலாந்தில் சட்ட ஆண்டு மார்ச் 25ஆம் நாள் பிறந்தது. நமக்கு இது புரியாத செய்தி அன்று. சித்திரையில் ஆண்டு பிறக்கும் தமிழ்க் கணக்கில் தை, மாசி, பங்குனி ஆகியவை பழைய ஆண்டின் கடைசி மாதங்களாகவே இருப்பதுபோல, அவர்களுக்கும் சனவரி என்பது முடியப்போகும் ஆண்டின் பகுதியாகவே இருந்தது. அதனால்தான் ஆணையில் 1648 என்று இருக்கிறது. நிகழ்வை நேரில் கண்ட பிலிப் ஹென்றி என்ற மாணவரும், 1648ஆம் ஆண்டின் கடைசிப் பகுதியில் தாம் லண்டனுக்குச் சென்றதாக எழுதுகிறார். சனவரியை ஆண்டின் கடைசிப் பகுதி என்று அவர் சொல்வது, ஆண்டுப் பிறப்பு எப்போது என்பதைக் கேட்காமலே நமக்குக் காட்டிவிடுகிறது. ஸ்காட்லாந்து 1600ஆம் ஆண்டிலேயே சனவரி முதல் நாளை ஆண்டுப் பிறப்பாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆகவே அதே வாரத்தில் எடின்பரோவில் எழுதப்பட்ட தாளில் 1649 என்றே இருக்கும். ஒரே தீவின் இரண்டு தலைநகரங்களில் ஆண்டெண் வேறுபடும் என்பதை மறந்தால், ஓராண்டு இடைவெளியில் இரண்டு நிகழ்வுகள் நடந்ததாகத் தோன்றும்.

இது ஆண்டின் சிக்கல். இதிலிருந்து வேறானது நாளின் சிக்கல். இங்கிலாந்து 1752 வரை ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. பிரான்ஸ் போன்ற நாடுகள் அதற்கு வெகு முன்பே கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டன. பதினேழாம் நூற்றாண்டில் இவ்விரண்டுக்கும் இடைவெளி 10 நாட்கள். லண்டனின் சனவரி 30, பாரிசில் பிப்ரவரி 9. ஆண்டைத் திருத்துவதும் நாளைத் திருத்துவதும் வெவ்வேறு செயல்கள் என்பதை மனத்தில் இருத்துங்கள். இங்கிலாந்தின் வரலாற்றை எழுதுபவர்கள் வழக்கமாக ஆண்டெண்ணை மட்டும் நம் கணக்குக்கு மாற்றி, நாளை அப்படியே விட்டுவிடுவார்கள். ‘1649 சனவரி 30’ என்பது அப்படிப் பாதி மாற்றிய வடிவம். அதில் பிழை இல்லை, ஆனால் அது எந்த வடிவம் என்று சொல்லிவிட வேண்டும்.

நம் மாற்றம் சரிதானா என்று எப்படிச் சோதிப்பது? கிழமையைக் கொண்டுதான். எண்களை எழுதும்போது கை தவறலாம். ஆனால் ஒருவர் அது செவ்வாய்க்கிழமை என்று தனியாக எழுதியிருந்தால், அது எண்ணைச் சரிபார்க்கும் இரண்டாவது சாட்சி. பிலிப் ஹென்றி செவ்வாய்க்கிழமை, சனவரி 30 என்கிறார். மன்னரின் மேடைப் பேச்சை வெளியிட்ட சிறு வெளியீடும் செவ்வாய்க்கிழமை என்றே கூறுகிறது. இனி நான்கு சாத்தியங்களையும் கணக்கிட்டுப் பாருங்கள். 1648 சனவரி 30 என்பதை நம் ஆண்டுக்கணக்கின்படி உண்மையான 1648 என்று கொண்டால், ஜூலியன் நாட்காட்டியில் அது ஞாயிற்றுக்கிழமை, கிரிகோரியனில் வியாழக்கிழமை. 1649 என்று கொண்டு கிரிகோரியன் என்று எண்ணினால் சனிக்கிழமை. 1649 என்று கொண்டு ஜூலியன் என்று எண்ணினால் மட்டுமே செவ்வாய்க்கிழமை வருகிறது. மூன்று சாத்தியங்கள் விழுந்தன, ஒன்று நின்றது. மரண ஆணையில் ‘சென்ற சனிக்கிழமை’ என்று வரும் குறிப்பும் இதனோடு பொருந்துகிறது: 30ஆம் நாள் செவ்வாய் என்றால் தீர்ப்பு நாளாகிய 27ஆம் நாள் சனிக்கிழமையே.

இந்தக் கணக்கைச் செய்ய, ஜூலியன் நாளோடு 10 நாட்களைக் கூட்டி, கிடைக்கும் கிரிகோரியன் நாளின் கிழமையை ஏதேனும் ஒரு நிலையான நாட்காட்டியில் பார்த்தால் போதும். நாட்காட்டி மாறினாலும் கிழமை மாறாது. 1649 பிப்ரவரி 9ஆம் நாளும் செவ்வாய்தான். ஒரு எச்சரிக்கை: 10 என்ற எண் எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. 1700 பிப்ரவரி இறுதிக்குப் பிறகு இடைவெளி 11 நாட்கள் ஆகிவிடுகிறது.

ஐந்தாம் படி: கண்டவர்களை எடைபோடுதல்

‘நேரில் கண்டவர்’ என்ற சொல்லே ஒரு சாட்சிக்கு எடை தந்துவிடாது. எவ்வளவு தொலைவில் நின்றார், எதைக் காண முடிந்தது, எத்தனை ஆண்டுகள் கழித்து எழுதினார், எந்தப் பக்கம் மனம் சாய்ந்திருந்தார் என்ற நான்கையும் கேட்க வேண்டும். இந்நிகழ்வுக்கு ஒன்றுக்கொன்று சார்பில்லாத சாட்சிகள் இருப்பது நம் நற்பேறு.

பிலிப் ஹென்றி அப்போது ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் பயின்ற 17 வயது இளைஞர். அவருடைய தந்தை ஒயிட்ஹால் அரண்மனையில் பணியாற்றியவர். மேடை அமைந்திருந்த ஒயிட்ஹால் வாசலுக்கு முன் தெருவில் கூட்டத்தோடு நின்றதாகவும், நடந்ததைக் கண்டதாகவும், ஆனால் பேசியது காதில் விழும் அளவுக்கு அருகில் இல்லை என்றும் அவர் எழுதுகிறார். தன் எல்லையைத் தானே சொல்லும் சாட்சியை நான் பெரிதும் நம்புவேன். கோடரி விழுந்ததைக் கண்டேன் என்கிறார். அந்நொடியில் ஆயிரக்கணக்கானோரிடமிருந்து எழுந்த புலம்பலைப் போன்ற ஒன்றை முன்பு கேட்டதில்லை, இனியும் கேட்க வேண்டாம் என்கிறார். மன்னரின் இறுதிச் சொற்களை அறிய இவர் உதவமாட்டார். நாளுக்கும் இடத்துக்கும் இவரைவிட நல்ல சாட்சி அரிது.

சாமுவேல் பீப்ஸ் அன்று 15 வயதுப் பள்ளி மாணவர். 1660 அக்டோபர் 13ஆம் நாள், மன்னரின் மரண ஆணையில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவரான ஹாரிசன் சேரிங் கிராஸில் கொல்லப்பட்டதைக் கண்டுவிட்டு வந்து, ஒயிட்ஹாலில் மன்னர் தலை வெட்டப்பட்டதையும் காணத் தமக்கு நேர்ந்தது என்று நாட்குறிப்பில் எழுதினார். நாளை அவர் சொல்லவில்லை. பதினொன்றரை ஆண்டுக்கும் மேல் கழித்தே எழுதுகிறார். ஆனால் அவருடைய மனச்சாய்வு ஹென்றிக்கு நேர்மாறானது. அன்று தாம் மன்னரைப் பற்றிக் கடுமையாகப் பேசியது பழைய பள்ளித்தோழருக்கு நினைவிருக்குமோ என்று அதே ஆண்டு நவம்பர் முதல் நாள் குறிப்பில் அஞ்சுகிறார். துயரத்தோடு நின்ற ஒருவரும் மனநிறைவோடு நின்ற ஒருவரும், ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமலே, ஒரே இடத்தைச் சொல்கிறார்கள். இடத்தின் பெயருக்கு இது மிக வலுவான சான்று.

மன்னரின் அந்தரங்கப் பணியாளராக இருந்த தாமஸ் ஹெர்பர்ட் காலையில் செயின்ட் ஜேம்ஸ் மாளிகையிலிருந்து ஒயிட்ஹால் வரை உடன் நடந்தவர். மிக அருகில் இருந்தவர் என்பதால் பலர் இவரையே முதலில் நம்புவார்கள். ஆனால் இவர் மேடைக்குச் செல்லவில்லை. எழுதியதும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து. ஆகவே அறைகளுக்குள் நடந்ததற்கு இவரைக் கேட்கலாம், மேடையில் நடந்ததற்குக் கேட்கக் கூடாது.

இவர்களோடு 1660இல் நடந்த வழக்குகளின் சாட்சியங்களையும் சேர்க்க வேண்டும். இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தபின், தந்தையின் கொலைக்குப் பொறுப்பானவர்கள் விசாரிக்கப்பட்டபோது, மேடைவரை மன்னரோடு சென்ற டாம்லின்சனும், ஆணையில் பெயர் இருந்த ஹங்க்ஸும் சாட்சி சொன்னார்கள். தம் உயிரைக் காத்துக்கொள்ள வேண்டிய நிலையில் சொன்ன சாட்சியம் என்பதால், யார் எதைக் கையொப்பமிட்டார் என்பதில் அதை ஐயத்தோடு வாசிக்க வேண்டும். நாளும் இடமும் எவருக்கும் ஆதாயமோ கேடோ தராத செய்திகள். அவற்றில் பொய் சொல்ல அவர்களுக்குக் காரணமில்லை.

ஆறாம் படி: நேரத்தைச் சுருக்குதல்

ஆணை காலை பத்து முதல் மாலை ஐந்து வரை ஏழு மணி நேரம் தருகிறது. அச்சான சிறு வெளியீடு, பத்து மணியளவில் மன்னர் செயின்ட் ஜேம்ஸிலிருந்து பூங்கா வழியே நடத்தி வரப்பட்டதாகவும், பன்னிரண்டு மணியளவில் சிறிது ரொட்டியும் ஒரு குவளை சிவப்பு ஒயினும் உட்கொண்டதாகவும் கூறுகிறது. ஆகவே நிகழ்வு நண்பகலுக்குப் பின்னரே. பிற்பகல் இரண்டு மணியளவில் என்பது மரபாகக் கூறப்படும் நேரம். அது இந்த இடைவெளிக்குள் பொருந்துகிறது. இதைவிட நுட்பமாக நிமிடக் கணக்கில் எழுதுபவரை நம்ப வேண்டாம்.

ஏழாம் படி: இடத்தைப் பெயரிலிருந்து நிலத்துக்குக் கொண்டுவருதல்

‘ஒயிட்ஹால்’ என்பது இன்று ஒரு தெருவின் பெயர். அன்று அது தேம்ஸ் ஆற்றங்கரையில் பரந்து கிடந்த ஓர் அரண்மனையின் பெயர். எனவே ‘ஒயிட்ஹாலில்’ என்று மட்டும் வாசித்தால், அரண்மனையின் உள் முற்றமா, ஆற்றுப்புறமா, தெருப்புறமா என்பது தெரியாது. ஆணையின் ‘திறந்த தெரு’ என்ற சொல் உள் முற்றத்தை விலக்கிவிடுகிறது. மீதியைப் பிலிப் ஹென்றியின் ஒரு சிறு குறிப்பு தீர்த்துவைக்கிறது: தலை விழுந்தவுடன் ஒரு குதிரைப்படை சேரிங் கிராஸ் பக்கமிருந்து வெஸ்ட்மின்ஸ்டரை நோக்கியும், மற்றொன்று வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து சேரிங் கிராஸை நோக்கியும் வந்து கூட்டத்தைக் கலைத்தன. இந்த இரண்டு இடங்களையும் இணைத்த, அரண்மனையின் மேற்குப் பக்கத்து வீதியில் அவர் நின்றார் என்பது இதிலிருந்து பெறப்படுகிறது. மன்னரின் பேச்சை அச்சிட்ட சிறு வெளியீட்டில் வரும் ‘ஒயிட்ஹால் வாசல்’ இதே வீதியில்தான் இருந்தது. இட ஆய்வில் இத்தகைய நகர்வுக் குறிப்புகளைத் தேடுங்கள். இடத்தைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் சொல்லப்படுவதால், இவை பெயர்களைவிட நம்பத்தக்கவை.

அவ்வீதியை ஒட்டி இனிகோ ஜோன்ஸ் வடிவமைத்து 1622இல் முடிக்கப்பட்ட பாங்க்வெட்டிங் ஹவுஸ் எனப்படும் விருந்து மண்டபம் நின்றது. மன்னர் அம்மண்டபத்தின் ஊடாகவே மேடைக்குக் கொண்டுவரப்பட்டார் என்பதில் சாட்சியங்கள் ஒத்துப்போகின்றன. ஐரோப்பியக் கண்டத்தில் அச்சான அக்காலப் படங்களும் மேடையை அம்மண்டபத்தின் முகப்புக்கு முன்னேதான் வரைந்திருக்கின்றன. வரைந்தவர்கள் நேரில் காணாதவர்களாக இருக்கலாம் என்பதால், இப்படங்களை ஒத்திசைவுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். அவற்றில் சாளரங்களை எண்ணி முடிவு சொல்லக் கூடாது.

அவர் எந்தத் திறப்பின் வழியாக வெளியே வந்தார் என்பதில்தான் உறுதி தளர்கிறது. சுவரை உடைத்து அமைத்த வழியில் சென்றார் என்று ஹெர்பர்ட் எழுதுகிறார். சாளரம் வழியே என்றும் ஒரு மரபு உண்டு. சாளரத்தின் அடிச்சுவரை உடைத்துப் பெரிதாக்கியிருந்தால் இரண்டும் ஒன்றே ஆகிவிடும். ஆனால் இது நம் இணக்கமே அன்றி, ஆவணத்தின் கூற்று அன்று. மண்டபத்தின் முகப்பில் மேல்தளத்தில் ஏழு சாளரங்கள் இருக்கின்றன. வடமுனையில் மண்டபத்தை ஒட்டி அன்று இருந்த சிறு கட்டடத்தின் சாளரமே அது என்பது ஆய்வாளர் பலர் ஏற்கும் கருத்து. இன்றைய நுழைவாயிலில் உள்ள கல்வெட்டும், ஏறத்தாழ இதற்கு மேலிருந்த ஒரு சாளரம் என்று எச்சரிக்கையோடே கூறுகிறது. கட்டடத்தைப் பார்த்தே தீர்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை: அரண்மனையின் பெரும்பகுதி 1698 சனவரியில் எரிந்து அழிந்தது, தப்பிய மண்டபத்தின் வெளிமுகமும் 1829இல் புதிய கல்லால் போர்த்தப்பட்டது.

அழிவுக்குப் பின் எஞ்சிய ஒரே கட்டடத்தின் நடுச்சாளரத்தைப் பார்த்து ‘இதன் வழியே’ என்று சொல்லத் தோன்றும். இடத்தை நிறுவும் எவருக்கும் இந்தச் சோதனை வரும். எஞ்சியிருப்பது நம் கண்ணை இழுக்கிறது. நிகழ்வு அழிந்த பகுதியில் நடந்திருக்கக் கூடும்.

ஆட்சியாண்டு பற்றிய ஒரு குறிப்பு

சட்ட ஆவணங்கள் ஆண்டெண்ணுக்குப் பதிலாக மன்னரின் ஆட்சியாண்டைச் சொல்வது உண்டு. சார்லஸ் 1625 மார்ச் 27இல் ஆட்சிக்கு வந்ததால், 1649 சனவரி அவருடைய 24ஆம் ஆட்சியாண்டில் அமைகிறது. இதுவும் நம் ஆண்டைச் சரிபார்க்கும் தனி வழி. ஆனால் 1660 வழக்குகளைத் தொடுத்தபோது நீதிபதிகளுக்கே ஒரு தடுமாற்றம் வந்தது. சட்டம் ஒரு நாளைப் பகுதிகளாகப் பிரிப்பதில்லை. தந்தை இறந்த அந்நாளே மகனின் முதல் ஆட்சியாண்டின் முதல் நாளுமாகும். அப்படியானால் சனவரி 30 யாருடைய ஆண்டு? சதியை 29ஆம் நாளில், 24ஆம் ஆண்டில் வைத்துவிட்டு, கொலையை ‘அதே சனவரி 30ஆம் நாள்’ என்று மட்டும், எந்த மன்னரின் ஆண்டும் குறிக்காமல் எழுதுவதென்று முடிவு செய்தார்கள். குற்றப்பத்திரத்தில் ஆட்சியாண்டு இல்லாததைக் கண்டு நாள் ஐயத்துக்குரியது என்று எவரேனும் வாதிட்டால், அந்த விடுபாடு அறிந்தே செய்யப்பட்டது என்பதே விடை.

எட்டாம் படி: முடிவை உறுதியின் அளவோடு எழுதுதல்

எல்லாவற்றையும் ஒரே குரலில் எழுதினால், உறுதியானதன் வலு உறுதியற்றதற்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே குறிப்பேட்டில் இவ்வாறு பதிவேன்:

‘தண்டனை விதிக்கப்பட்டது: சனிக்கிழமை, 1649 சனவரி 27, வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம், நீதிமன்றக் குறிப்பேட்டின்படி உறுதி. ஆணையின் நாள்: சனவரி 29; நாளைச் சொல்லும் பகுதி திருத்தப்பட்டது, கையொப்பங்கள் அனைத்தும் அந்நாளினவை என்று கொள்ள இயலாது. நிறைவேறியது: செவ்வாய்க்கிழமை, சனவரி 30, ஆண்டுப் பிறப்பை மட்டும் மாற்றிய ஜூலியன் கணக்கு, அக்கால ஆவணங்களில் 1648, கிரிகோரியன் கணக்கில் 1649 பிப்ரவரி 9, ஆணையும் கண்டவரும் கிழமையும் ஒன்றுபடுவதால் உறுதி. நேரம்: நண்பகலுக்குப் பின், இரண்டு மணியளவில். இடம்: ஒயிட்ஹால் அரண்மனையின் மேற்குப்புற வீதியில், விருந்து மண்டபத்தை ஒட்டி அமைத்த மேடை, உறுதி. மேடைக்கு வந்த திறப்பு: மண்டபத்தின் வடமுனையில் இருக்கலாம், சுவரா சாளரமா என்பது தீரவில்லை.’